பார்வர்டு ஒப்பந்தம்: புக் செய்வது முதல் டாலரை ஒப்படைப்பது வரை

வெளிநாட்டு வாங்குபவரிடம் டாலரில் விலை பேசிவிட்டு, கூலி, நூல், சாயம் அனைத்திற்கும் ரூபாயில் செலவழிக்கும் நிறுவனத்திற்கு, ஆர்டர் கையெழுத்தாகும் நாளுக்கும் பணம் வந்து சேரும் நாளுக்கும் இடையே மூன்று நான்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த இடைவெளியில் டாலரின் மதிப்பு எங்கே போகும் என்பது யாருக்கும் தெரியாது. 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 44 ரூபாயாக இருந்த டாலர், அந்த ஆண்டின் இறுதிக்குள் 39 ரூபாய் அளவுக்கு இறங்கியது. 2013ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் 54 ரூபாய் அளவில் இருந்த அதே டாலர், ஆகஸ்ட் இறுதியில் 68 ரூபாயைத் தாண்டியது. முதலாவது ஏற்றுமதியாளரை வாட்டியது. இரண்டாவது இறக்குமதியாளரை வாட்டியது. இந்த இடைவெளியை மூடுவதற்கு வங்கிகள் தரும் வழிகளுள் மிகவும் எளிமையானது பார்வர்டு ஒப்பந்தம். எதிர்காலத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட அளவு டாலரை, இன்றே பேசி முடித்த விலைக்கு விற்கவோ வாங்கவோ வங்கியுடன் செய்துகொள்ளும் உடன்பாடு அது. அந்த நாளில் சந்தை விலை எதுவாக இருந்தாலும் இரு தரப்பும் பேசிய விலைக்குக் கட்டுப்பட்டவை.

முதன்முறையாக இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் விலையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நடைமுறையில் பணம் வீணாவது விலையால் அல்ல, தேதியால். ஆகவே இக்கட்டுரையில் விலை எப்படி உருவாகிறது என்பதைத் தேவையான அளவு சொல்லிவிட்டு, தேதி குறிப்பதற்கும் தேதி தவறினால் நடப்பவற்றுக்கும் கூடுதல் இடம் தருகிறேன்.

எடுத்துக்கொள்ளும் கணக்கு

திருப்பூரிலிருந்து பின்னலாடை அனுப்பும் சிறு நிறுவனம் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஜூன் 10ஆம் தேதி, ஒன்று 5 டாலர் வீதம் 20,000 டி-ஷர்ட்டுகளுக்கு ஆர்டர் உறுதியாகிறது. மொத்தம் 1,00,000 டாலர். சரக்கு ஜூலை 31 அன்று கப்பலேற வேண்டும். சரக்கு கப்பலேறியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 60 நாளில் பணம் தருவதாக வாங்குபவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதாவது செப்டம்பர் 29. ஆர்டர் உறுதியாகும் ஜூன் 10 அன்று ஸ்பாட் விலை, அதாவது டாலரை உடனே மாற்றுவதற்கான விலை, 85 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். கணக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதற்காக எடுத்த எண்களே இவை. வாசிக்கும் நாளின் விலை வேறாக இருக்கும், முறை மாறாது.

இந்த ஆர்டருக்கு விலை சொன்னபோது நிறுவனம் ஒரு டாலருக்கு ரூ.84.50 கிடைக்கும் என்று காஸ்டிங் போட்டிருந்தது. வரவு 84.5 லட்சம், எல்லாச் செலவும் சேர்த்து 79 லட்சம், மிச்சம் ஐந்தரை லட்சம். பணம் வரும் நாளில் டாலர் 82 ரூபாயாக இறங்கியிருந்தால் மிச்சம் மூன்று லட்சமாகச் சுருங்கிவிடும். விலையில் மூன்று விழுக்காடு இறங்கியதற்கு லாபத்தில் பாதிக்கு அருகில் போய்விடுகிறது. பார்வர்டு எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய ஒப்பிட வேண்டிய எண் இந்த 84.50 தான். அடுத்த மாதம் டாலர் ஏறும் என்று யாரோ சொன்ன கணிப்பு அந்த ஒப்பீட்டுக்கு உதவாது. காஸ்டிங் விலைக்கு மேலே பார்வர்டு விலை கிடைத்தால், போட்ட கணக்கு இன்றே கைகூடிவிட்டது என்று பொருள். கிடைக்கவில்லை என்றால், ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே விலையை மறுபடி பேச வேண்டும் என்று பொருள். அதனால் விலை சொல்வதற்கு முன்பே வங்கியிடம் பார்வர்டு விலை கேட்டு வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிறிது குறைத்துக் காஸ்டிங் போடுவது நல்ல பழக்கம்.

பார்வர்டு விலை எங்கிருந்து வருகிறது

ஸ்பாட் 85 ரூபாயாக இருக்கும்போது செப்டம்பர் இறுதிக்கான விலை 85.50 என்று வங்கி சொன்னால், டாலர் ஏறப்போவதாக வங்கி நம்புகிறது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. ஏற்றுமதியாளரிடம் செப்டம்பரில் டாலர் வாங்குவதாக ஒப்புக்கொண்ட வங்கி, தன்னைக் காத்துக்கொள்ள இன்றே டாலரைக் கடனாகப் பெற்று ஸ்பாட்டில் விற்று, கிடைத்த ரூபாயை வட்டிக்கு விட்டுவைக்கும் நிலையில் இருக்கிறது. நீங்கள் தரும் டாலரைக் கொண்டு பின்னர் அந்தக் கடனை அடைக்கும். ரூபாய் வட்டி டாலர் வட்டியைவிட அதிகமாக இருக்கும் காலத்தில் வங்கிக்கு இதில் மிச்சம் நிற்கிறது. அந்த மிச்சமே பிரீமியமாக உங்கள் விலையில் சேர்கிறது. இரண்டு வட்டிக்கும் ஆண்டுக்கு 2 விழுக்காடு வித்தியாசம் என்றால், 85 ரூபாய்க்கு மாதம் ஏறத்தாழ 14 பைசா. செப்டம்பர் இறுதி வரை சுமார் 50 பைசா. சந்தையில் டாலர் பற்றாக்குறை அல்லது பெரிய அளவிலான வாங்கல் விற்றல் இருந்தால் இந்தப் பிரீமியம் வட்டி வித்தியாசத்திலிருந்து சற்று விலகும். ஆனாலும் அதன் அடித்தளம் வட்டிதான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. டாலருக்குப் பிரீமியம் இருக்கும்வரை, விற்கும் ஏற்றுமதியாளருக்கு அது கூடுதல் வரவு. வாங்கும் இறக்குமதியாளருக்கு அது செலவு. வங்கி தன் பங்காக மார்ஜின் ஒன்றையும் எடுத்துக்கொள்ளும். நம் கணக்கில் மார்ஜின் 5 பைசா என்றால், ஏற்றுமதியாளருக்குக் கிடைப்பது 85.00 + 0.50 − 0.05, அதாவது ரூ.85.45.

வங்கிக்குப் போகும் முன்

பார்வர்டு என்பது கையில் பணம் வாங்காத பரிவர்த்தனை என்றாலும், வங்கியின் பார்வையில் அது ஒரு வகைக் கடன் வசதி. விலை உங்களுக்கு எதிராகப் போய் நீங்கள் டாலரைத் தராமல் போனால், வித்தியாசம் வங்கியின் தலையில் விழும். ஆகவே ஆர்டரை முடிக்க வங்கி தரும் பேக்கிங் கிரெடிட் கடன், வாங்குபவர் தர வேண்டிய பணத்துக்கு வங்கி உறுதி தரும் எல்.சி. வசதி போல பார்வர்டுக்கும் தனி லிமிட் கேட்டுப் பெற வேண்டும். ஆண்டுதோறும் கணக்குகளைப் புதுப்பிக்கும்போது சாங்ஷன் கடிதத்தில் இந்த லிமிட் இடம்பெறுமாறு கேட்டுவிடுங்கள். லிமிட் இல்லாத நிறுவனங்களிடம் வங்கி நிரந்தர வைப்பை ஈடாகக் கேட்கும். விலை சாதகமாக இருக்கும் நாளில் லிமிட்டுக்காக விண்ணப்பம் போட்டால், அது கைக்கு வரும்போது விலை போயிருக்கும்.

ஆவணங்கள் பெரிதாக இல்லை. வங்கியுடன் ஒருமுறை கையெழுத்திடும் பொது ஒப்பந்தம், நிறுவனத்தின் சார்பில் யார் விலை பேசி உறுதி செய்யலாம் என்று பெயர் குறிப்பிடும் தீர்மானம், எல்.இ.ஐ. எனப்படும் 20 எழுத்து அடையாள எண், பிறகு ஒவ்வொரு முறையும் ஆர்டர், எல்.சி. அல்லது இன்வாய்ஸின் நகல். எந்த அளவு வரை வங்கி ஆவணம் கேட்க வேண்டியதில்லை என்பதை ரிசர்வ் வங்கி அவ்வப்போது மாற்றியமைத்திருக்கிறது. ஆனால் ஆவணம் கேட்கப்படாத இடத்திலும், ஒப்பந்தத்தின் பின்னால் உண்மையான வரவோ கடனோ இருந்தாக வேண்டும் என்பது மாறாத விதி. ஒரே வரவுக்கு இரண்டு வங்கிகளில் பார்வர்டு எடுக்கக் கூடாது.

இதே இடத்தில், எளிதில் கவனம் தவறக்கூடிய ஒன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆர்டருக்காக பேக்கிங் கிரெடிட்டை ரூபாயில் எடுக்காமல் டாலரில் எடுத்திருந்தால், அந்த டாலரைக் கடன் வாங்கிய அன்றே ரூபாயாக மாற்றிவிட்டீர்கள். வாங்குபவர் அனுப்பும் டாலர் அந்தக் கடனை அடைக்கத்தான் போகிறது. அந்த அளவுக்கு மாற்று விகிதம் ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டது. இதை மறந்து முழு இன்வாய்ஸ் தொகைக்கும் பார்வர்டு எடுத்தால், ஒப்படைக்கும் நாளில் கையில் டாலர் இராது. ரூபாய்க் கடனா, டாலர்க் கடனா என்பதைச் சரிபார்க்காமல் பார்வர்டு எடுக்கவே கூடாது.

எவ்வளவுக்கு எடுப்பது

நம் நிறுவனம் பேக்கிங் கிரெடிட்டை ரூபாயில் எடுத்திருக்கிறது. ஆனால் இதே ஆர்டருக்கான லேபிள், பட்டன் போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து 10,000 டாலருக்கு வாங்க வேண்டும். அதை வரும் டாலரிலிருந்தே கொடுத்துவிடலாம். மீதி 90,000 டாலர். தரத்தில் குறை, தாமதம் என்று வாங்குபவர்கள் பிடித்தம் செய்வது பின்னலாடைத் தொழிலில் புதிதல்ல. ஆர்டரின் ஒரு பகுதி ரத்தாவதும் உண்டு. ஆகவே ஜூன் 10 அன்று 70,000 டாலருக்கு மட்டும் ஒப்பந்தம் செய்துவிட்டு, சரக்கு கப்பலேறி இன்வாய்ஸ் தொகை உறுதியான பிறகு மேலும் 20,000 டாலருக்கு எடுப்பது பொருத்தம். இந்த விகிதத்திற்குச் சூத்திரம் எதுவும் கிடையாது. பல ஆண்டுகளாகப் பழகிய வாங்குபவர் என்றால் கூடுதலாக எடுக்கலாம். புதியவர் என்றால் குறைத்துக்கொள்ளலாம்.

முழுவதற்கும் எடுத்துவிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஆர்டர் ரத்தாகி, டாலர் 89 ரூபாயாக ஏறியிருக்கும் நாளில் 70,000 டாலர் ஒப்பந்தத்தை முறிக்க நேர்ந்தால், 89க்கும் 85.45க்கும் உள்ள வித்தியாசத்தை, ஒரு டாலருக்கு ரூ.3.55 வீதம் ரூ.2,48,500 கட்ட வேண்டும். வியாபாரமும் போய், அதற்கு மேல் இதுவும். 1,00,000 டாலருக்கு எடுத்திருந்தால் ரூ.3,55,000. பார்வர்டு எடுத்த நிறுவனத்தின் மிகப் பெரிய ஆபத்து, டாலர் ஏறி லாபம் கைநழுவிப் போவது அல்ல. டாலர் ஏறியிருக்கும் வேளையில் வரவேண்டிய பணம் வராமல் போவதுதான்.

தேதியைக் குறிப்பது

பார்வர்டில் தேதியை இரண்டு விதமாகக் குறிக்கலாம். ஒன்று, ஒரே ஒரு நாள். மற்றொன்று, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எந்த நாளிலும் டாலரை ஒப்படைக்கலாம் என்று ஒரு கால இடைவெளி. வழக்கமாக இது ஒரு மாதத்திற்குள் இருக்கும். ஏற்றுமதியாளர்களில் பெரும்பாலோர் இரண்டாவதையே எடுக்கிறார்கள், ஏனென்றால் வாங்குபவர் எந்த நாளில் பணம் அனுப்புவார் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நீங்கள் எந்த நாளில் வருவீர்கள் என்று தெரியாத வங்கி, தனக்குப் பாதகமான நாளையே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. டாலருக்குப் பிரீமியம் இருக்கும்போது, ஏற்றுமதியாளருக்கு இடைவெளியின் முதல் நாள் வரையிலான பிரீமியத்தை மட்டுமே வங்கி தரும். இறக்குமதியாளரிடம் கடைசி நாள் வரையிலான பிரீமியத்தை வசூலிக்கும். அக்டோபர் 1 முதல் 31 வரை என்று நம் நிறுவனம் எடுத்தால் கிடைப்பது செப்டம்பர் இறுதிக்கான 50 பைசா. அக்டோபர் 31 என்று ஒரே நாளைக் குறித்திருந்தால் 64 பைசா கிடைத்திருக்கும். வித்தியாசம் 14 பைசா. 70,000 டாலருக்கு ரூ.9,800. பதினைந்து நாள் இடைவெளியாகச் சுருக்கினால் இந்த இழப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஆகவே கணக்குப் பதிவேட்டை எடுத்து, இந்த வாங்குபவர் கடந்த ஓராண்டில் இன்வாய்ஸில் குறித்த தேதிக்கு எத்தனை நாள் கழித்துப் பணம் அனுப்பினார் என்று வரிசையாக எழுதிப் பார்க்க வேண்டும். அந்தப் பட்டியல்தான் இடைவெளியை முடிவு செய்ய வேண்டும்.

நம் கணக்கில் தவணைத் தேதி செப்டம்பர் 29. வாங்குபவர் வழக்கமாகப் பத்து இருபது நாள் தாமதிப்பவர் என்று பதிவேடு சொல்வதாக வைத்துக்கொண்டு, அக்டோபர் 1 முதல் 31 வரை என்று எடுக்கிறோம். தவணைத் தேதியையே கடைசி நாளாகக் குறிப்பது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. தாமதமாக வரும் பணத்திற்கு ஒப்பந்தத்தை நீட்டுவதைவிட, முன்கூட்டி வரும் பணத்தைச் சில நாள் வைத்திருப்பது எளிது.

விலை பேசும் நேரம்

கிளை மேலாளர் வழியாகக் கேட்காமல், வங்கியின் ட்ரெஷரி டீலரிடம் நேரடியாகப் பேசும் ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுங்கள். கிளையில் காலையில் ஒட்டும் கார்டு ரேட் சிறு தொகைகளுக்கானது. அதில் மார்ஜின் மிக அதிகம். டீலரிடம் பேசும்போது மூன்று எண்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: ஸ்பாட் எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு, மார்ஜின் எத்தனை பைசா. “எண்பத்தைந்து நாற்பத்தைந்து தருகிறோம்” என்று ஒரே எண்ணாக வரும் பதிலில் மார்ஜின் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க முடியாது. மார்ஜினை ஆண்டுக்கு ஒருமுறை எழுத்தில் பேசி முடித்துவிட்டால், ஒவ்வொரு முறையும் பேரம் பேச வேண்டியதில்லை.

சொன்ன ஸ்பாட் சரிதானா என்று பார்க்க, சி.சி.ஐ.எல். நிறுவனம் 2019 ஆகஸ்டில் தொடங்கிய எஃப்.எக்ஸ்-ரீடெயில் தளத்தில் பதிவு செய்துகொள்ளலாம். சிறு நிறுவனங்களும் அதில் வங்கியின் வழியாக டாலர் வாங்கவும் விற்கவும் முடியும். எஃப்.பி.ஐ.எல். நிறுவனம் ஒவ்வொரு வேலைநாளும் பிற்பகலில் வெளியிடும் குறிப்பு விலையையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அது அந்த நாளுக்கான பொது விலையே. நீங்கள் பேசிய நிமிடத்தின் விலை அல்ல.

தொலைபேசியில் “சரி, எடுத்துக்கொள்கிறேன்” என்று சொன்ன கணமே ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்த உரையாடல் பதிவாகிறது. அன்றே வங்கியிலிருந்து உறுதிக் கடிதம் வரும். தொகை, விலை, ஒப்படைப்பு இடைவெளி, ஒப்பந்த எண் ஆகிய நான்கையும் நிதானமாகப் பார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒப்பந்த எண்ணையும் கடைசி நாளையும் கணக்காளரின் நாட்காட்டியில் குறித்துவைத்து, கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே நினைவூட்டல் வருமாறு செய்துகொள்ளுங்கள்.

விலை பேசும்போது, சந்தை விலையைவிடக் கூடுதலாகத் தருவதாகவோ, செலவே இல்லாத பாதுகாப்பு என்றோ வேறு வகை ஒப்பந்தங்கள் முன்வைக்கப்படலாம். 2007, 2008ஆம் ஆண்டுகளில் திருப்பூரின் ஏற்றுமதியாளர்கள் பலர் அத்தகைய சிக்கலான டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டுப் பெரும் நட்டத்தில் சிக்கினார்கள். வழக்குகள் நீதிமன்றம் வரை போயின. டாலரில் மட்டுமே வியாபாரம் செய்தவர்கள், தங்களுக்குத் தொடர்பே இல்லாத யென், சுவிஸ் பிராங்க் விலைகளின் மீது கடமைப்பட்டிருந்தார்கள். ஒரு தொகை, ஒரு விலை, ஒரு தேதி என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாத ஒப்பந்தம் பார்வர்டு அல்ல. அதில் சொன்ன விலை எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும், புதியவர்கள் அதைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பணம் வரும்போது

அக்டோபர் 12 அன்று பணம் வந்தால் வேலை எளிது. 70,000 டாலரை இன்ன எண்ணுள்ள ஒப்பந்தத்தின் கீழ் மாற்றுமாறு எழுத்தில் கிளைக்குத் தெரிவிக்க வேண்டும், ரூ.59,81,500 கணக்கில் சேரும். தெரிவிக்காமல் விட்டால், வந்த டாலரை அன்றைய கார்டு ரேட்டில் மாற்றிவிட்டு, ஒப்பந்தத்தைத் தனியாகத் தொங்கவிட்டுவிடும் கிளைகள் உண்டு. பிறகு அதைச் சரிசெய்வது பெரும் அலைச்சல்.

பணம் முன்னதாக, செப்டம்பர் 20 அன்றே வந்துவிட்டால் இரண்டு வழிகள் உள்ளன. இ.இ.எஃப்.சி. எனப்படும் டாலர் நடப்புக் கணக்கில் போட்டுவைத்து, அக்டோபர் 1க்குப் பிறகு ஒப்படைக்கலாம். அந்தக் கணக்கில் ஒரு மாதத்தில் சேர்ந்த தொகையை அடுத்த மாத இறுதிக்குள் ரூபாயாக மாற்ற வேண்டும் என்பதே பொது விதி என்பதால், பத்து நாள் வைத்திருப்பதில் தடை இல்லை. ஆனால் வட்டி கிடையாது. பணம் உடனே தேவை என்றால், முன்கூட்டியே ஒப்படைக்கக் கேட்கலாம். பத்து நாளுக்கான பிரீமியத்தை, நம் கணக்கில் சுமார் 5 பைசாவை, வங்கி கழித்துக்கொள்ளும். ஒப்பந்த விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள இடைவெளியால் வங்கியின் பணம் சில நாள் முடங்கினால், அதற்கான வட்டியும் சேரும்.

தாமதமாகும்போதுதான் சிக்கல். அக்டோபர் 28 ஆகிவிட்டது. நவம்பர் 10க்கு மேல்தான் பணம் வரும் என்று வாங்குபவர் எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் பழைய விலையிலேயே தேதியை மட்டும் தள்ளிவைக்க வங்கிக்கு அனுமதி இல்லை. இருக்கும் ஒப்பந்தத்தை அன்றைய விலையில் முறித்து, அன்றைய விலையில் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். அக்டோபர் 30 அன்று டாலரின் விற்பனை விலை 87.20 என்றால், முறிக்கும்போது ஒரு டாலருக்கு ரூ.1.75 வீதம் ரூ.1,22,500 நடப்புக் கணக்கிலிருந்து அன்றே போய்விடும். நவம்பர் 10 முதல் 30 வரைக்கான புதிய ஒப்பந்தம் 87.17க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் வந்ததும் 70,000 டாலருக்கு ரூ.61,01,900 சேரும். போனதைக் கழித்தால் ரூ.59,79,400, அதாவது டாலருக்கு 85.42. முதலில் பூட்டிய 85.45க்கும் இதற்கும் வித்தியாசம் 3 பைசா மட்டுமே. அதற்கு மேல் வங்கியின் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் சேரும்.

ஆகவே டாலர் ஏறியதால் நட்டமாகிவிட்டது என்று சொல்வது சரியல்ல. பூட்டிய விலை ஏறத்தாழ அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்றேகால் லட்சம் இன்று போகிறது, அது திரும்புவது இரண்டு வாரம் கழித்து. தீபாவளி போனஸ் கொடுக்கும் மாதத்தில் ஒரு சிறு நிறுவனத்திற்கு இந்த இடைவெளி கடினமானது. இதனால்தான் தேதியைச் சரியாகக் குறிப்பது விலையில் ஐந்து பைசா கூடுதலாகப் பேசுவதைவிட மதிப்புள்ளது என்று முன்னே சொன்னேன். டாலர் இறங்கியிருந்தால் முறிக்கும்போது வங்கி உங்களுக்குப் பணம் தரும். ஆனால் புதிய ஒப்பந்தமும் அந்தத் தாழ்ந்த விலையிலேயே இருக்கும். அந்தப் பணத்தைத் தனி லாபமாகக் கருதிச் செலவழித்துவிடக் கூடாது. உறுதியான ஆர்டர் இல்லாமல், வரப்போகும் ஏற்றுமதியின் மதிப்பீட்டை வைத்து எடுத்த ஒப்பந்தம் என்றால், முறிப்பதில் கிடைக்கும் நிகர லாபத்தை அந்த வரவு உண்மையில் வரும்போதுதான் வங்கி கொடுக்கும்.

எதுவும் செய்யாமல் இருப்பதே எல்லாவற்றிலும் மோசமானது. கடைசி நாள் தாண்டிச் சில வேலைநாட்களுக்குள் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் வங்கி தானாகவே ஒப்பந்தத்தை முறித்துவிடும். நட்டம் என்றால் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். லாபம் என்றால் அது உங்களுக்கு வராது.

இறக்குமதியாளர் பக்கம்

இறக்குமதியாளருக்கு முறை ஒன்றே. திசை மட்டும் மாறுகிறது. கோவையைச் சேர்ந்த ஒரு நூற்பாலை அமெரிக்காவிலிருந்து நீளிழைப் பருத்தியை 2,00,000 டாலருக்கு வாங்கி, எல்.சி.யின் கீழ் 90 நாள் கழித்துப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். ஸ்பாட் விற்பனை விலை 85.02, மூன்று மாதப் பிரீமியம் 43 பைசா, மார்ஜின் 5 பைசா. பார்வர்டு விலை 85.50. ஸ்பாட்டைவிட 48 பைசா அதிகம், மொத்தம் ரூ.96,000. இந்தத் தொகையைப் பார்த்துத்தான் பல ஆலைகள் பார்வர்டு எடுக்காமல் விட்டுவிடுகின்றன.

ஆனால் இதை எதனுடன் ஒப்பிடுவது என்று யோசித்துப் பாருங்கள். இன்றைய 85.02 விலை உண்மையாகவே வேண்டும் என்றால் இன்றே டாலர் வாங்க வேண்டும். அதற்கான ரூபாயை கேஷ் கிரெடிட்டில் ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டிக்கு எடுத்தால், மூன்று மாதத்தில் ஒரு டாலருக்கு ஒரு ரூபாய் 91 பைசா வட்டியாகிறது. பார்வர்டில் 48 பைசா கொடுத்து அதே உறுதியைப் பெறுகிறீர்கள். இந்த 48 பைசாவைப் பருத்தியின் விலையோடு சேர்த்து நூலுக்கு விலை போட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும். பார்வர்டு எடுக்காமல் காத்திருப்பதும் ஒரு முடிவுதான். 48 பைசாவை மிச்சப்படுத்துவதற்காக, எவ்வளவு ஏறும் என்று தெரியாத ஒரு விலையை ஏற்றுக்கொள்ளும் முடிவு அது.

எல்.சி.யில் பில் ஏற்கப்பட்டவுடன் பணம் கட்டும் நாள் திட்டவட்டமாகத் தெரிந்துவிடும் என்பது இறக்குமதியாளருக்கு உள்ள வசதி. ஆகவே அவருக்கு ஒரு மாத இடைவெளி தேவையே இல்லை. அந்த ஒரே நாளைக் குறித்து ஒப்பந்தம் எடுத்தால், கடைசி நாள் வரைக்குமான பிரீமியத்தை வீணாகக் கட்ட வேண்டியிராது. பில் வருவதற்கு முன்பே எடுக்க வேண்டியிருந்தால் மட்டும், கப்பல் புறப்படும் உத்தேசத் தேதியை வைத்துப் பதினைந்து நாள் இடைவெளி கேட்கலாம்.

ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வாங்கி யூரோவில் பணம் கட்டுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யூரோ–ரூபாய் விலை என்பது யூரோ–டாலர், டாலர்–ரூபாய் என்ற இரண்டு விலைகளின் பெருக்கம். டாலர்–ரூபாயை மட்டும் பூட்டினால் பாதி வழி திறந்தே கிடக்கும். ஒப்பந்தம் நேரடியாக யூரோ–ரூபாயில் இருக்கிறதா என்று உறுதிக் கடிதத்தில் பார்த்துவிட வேண்டும். ரூபாய்க்கும் யூரோவுக்கும் இடையிலான வட்டி வித்தியாசம் டாலருக்கானதைவிட அதிகமாக இருக்கும் காலங்களில் யூரோவின் பிரீமியமும் அதற்கேற்பக் கூடும். டாலர் பிரீமியத்தை மனதில் வைத்துக்கொண்டு காஸ்டிங் போட்டுவிடக் கூடாது.

பணம் கட்டும் நாளுக்கு இரண்டு வேலைநாட்கள் முன்பே, பில் எண்ணையும் ஒப்பந்த எண்ணையும் ஒரே கடிதத்தில் எழுதி, ஒப்பந்த விலையில் பற்று வைக்குமாறு கிளைக்குக் கொடுத்துவிடுங்கள். பற்று வைத்த பிறகு வரும் அறிவிப்பில் போட்டிருக்கும் விலையை உறுதிக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 85.50க்குப் பதிலாக வேறு எண் இருந்தால் அன்றே எழுதிக் கேளுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், அதற்குள் ஒப்பந்தம் காலாவதியாகி முறிக்கப்பட்டிருக்கும்.